முன்னூற்றைம்பதா, ஆயிரத்து இருநூறா?

*ஐயா, மும்பை செம்பூரில் காலா, அதாவது சின்னத் தொழிற்கூடம், வாடகைக்கு எடுத்து ஆறு வருடமாக இட்லி, தோசை மாவு அரைத்து 28 கடைகளுக்குப் போடுகிறோம். மாதம் 2,60,000 ரூபாய்க்கு விற்பனை. ஜிஎஸ்டி பதிவு இல்லை. இப்போது 200 கிராம் பாக்கெட்டில் முறுக்கு போடலாம் என்று நினைக்கிறேன். எம்ஆர்பி 80, கடைக்காரருக்கு 16 போக நமக்கு 64. பத்து கிலோ முறுக்குக்குச் சாமான், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய், அதாவது பாக்கெட்டுக்கு 24. மீதி 40. மிஷின், அடுப்பு, சீலிங் மிஷின், லேபிள் டெஸ்ட் எல்லாவற்றுக்கும் 96,000 ஆகும். ஓர் ஆள் கூடுதலாகப் போட வேண்டும், சம்பளம் 14,000. அவர் சாயங்காலம்தான் வருவார். அதனால் வாரம் மூன்று நாள் சாயங்கால மாவை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் முறுக்கு சுடலாம் என்று திட்டம். மதியம் 1 முதல் 5 வரை காலா சும்மாதான் கிடக்கிறது, ஆனால் மதிய ஆள் 2,000 கூடக் கேட்கிறார். என் வீட்டுக்காரர் வாடகையிலும் (32,000) பழைய ஆட்கள் சம்பளத்திலும் (36,000) பாதியை முறுக்கின் தலையில் போட்டு, 1,200 பாக்கெட் விற்றால்தான் கட்டும் என்கிறார். பி.காம். படிக்கும் மகன் 350 போதும் என்கிறான். யார் கணக்கு சரி?*
*— செம்பூர் வாசகி*

சகோதரிக்கு,

இரண்டு பேர் கணக்கும் தப்பு. ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் தப்பு செய்திருக்கிறார்கள். அந்த இடங்களைப் பார்த்துவிட்டால் சரியான எண் தானாக வந்துவிடும்.

முதலில் மகன். வாடகையைச் சேர்க்காமல் விட்டது சரிதான். நாளைக்கே முறுக்கு யோசனையைக் கைவிட்டாலும் காலாக்காரருக்கு அந்த 32,000 ரூபாயைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாவு அரைக்கும் ஆட்களின் சம்பளமும் அப்படியே. இருக்கிற தொழிலோடு புதிதாக ஒரு சரக்கைச் சேர்க்கலாமா என்று பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்தால் எந்த ரூபாய் மாறும்? மாறாத ரூபாயைக் கணக்கில் கொண்டுவந்தால், நல்ல சரக்கைக்கூட நட்டம் என்று தள்ளிவிடுவோம். உங்கள் வீட்டுக்காரர் 34,000 ரூபாயை இப்படித்தான் முறுக்கின் மேல் ஏற்றியிருக்கிறார்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. எண்ணெய்ப் புகை வரும் என்று காலாக்காரர் அடுத்த பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகையைக் கூட்டினால், அந்தக் கூடுதல் முழுக்க முறுக்கின் செலவு. பாதி அல்ல, முழுசும். அதனால் அடுப்பு வைக்கும் முன் அவரிடம் பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தில் மாவு அரைக்க என்று மட்டும் எழுதியிருந்தால், பிறகு அவர் கேட்கும் தொகைக்கு நீங்கள் தலையாட்ட வேண்டிவரும்.

மகன் சறுக்கியது இரண்டு இடத்தில். ஒன்று, அந்த நாற்பது ரூபாய். இது நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த தப்பு. வீட்டுக்காரரும் அதே நாற்பதால்தான் வகுத்திருக்கிறார்.

பத்து கிலோ முறுக்கை 200 கிராமால் வகுத்தால் ஐம்பது பாக்கெட். காகிதத்தில் அது சரி, தராசில் வராது. முறுக்கு உடையும். நொறுங்கலைப் பாக்கெட்டில் போட்டால் கடைக்காரர் வாங்க மாட்டார். அடுத்து எடை. பத்து முறுக்கு போட்டதும் 190 கிராம் காட்டும், இன்னொன்று வைத்தால் 209-க்குத் தாவும். முறுக்கைப் பாதியாக ஒடித்து வைக்க முடியாது. லேபிளில் 200 என்று அச்சடித்துவிட்டு 190-ஐ அனுப்பினால் எடையளவுத் துறையிடம் மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே பாக்கெட்டுக்குச் சில கிராம் இலவசமாகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பத்து கிலோவுக்கு 46 பாக்கெட் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு முறை சுட்டு, தராசில் நிறுத்து, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கணக்கில் எல்லோரும் விடும் ஓட்டை ஒன்று இருக்கிறது. முறுக்கு குடித்த எண்ணெயை எழுதுகிறோம், சட்டியில் மிஞ்சிய எண்ணெயை எழுதுவதில்லை. மறுபடி மறுபடி காய்ந்த எண்ணெய் ஒரு கட்டத்தில் கறுத்து நுரைக்கும், அதைக் கொட்டித்தான் ஆக வேண்டும். எண்ணெய் கெடக் கெடக் கூடும் மொத்தத் துருவக் கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே இருக்கிறது. பழைய எண்ணெயில் சுட்ட முறுக்குக்குச் சிக்கு வாசனையும் சீக்கிரம் வந்துவிடும். அதற்காகப் பத்து கிலோவுக்கு 100 ரூபாய் சேர்க்கிறேன். 1,300-ஐ 46-ஆல் வகுத்தால் 28 ரூபாய் சொச்சம். பையும் லேபிளும் உங்கள் கணக்கில் இல்லவே இல்லை. உள்ளே வெள்ளி நிறப் பூச்சு உள்ள தடித்த பைதான் முறுக்குக்கு ஆகும், அதற்கு நான்கு ரூபாய். மொத்தம் 32.

அப்படியானால் 64-இல் 32 போக மீதி 32 என்று நினைப்பீர்கள். இன்னும் ஒரு கழிவு இருக்கிறது. மாவு அன்றாடம் போய்விடும் சரக்கு, அதனால் திரும்பி வருவது உங்களுக்குப் பழக்கமில்லை. முறுக்கு அப்படியல்ல. நமத்தது, பை கிழிந்தது, தேதி முடிந்தது என்று கடைக்காரர் எடுத்து வைத்திருப்பார், நீங்கள் வாய் பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். நூறில் ஆறு திரும்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பாக்கெட் அனுப்ப 3,200 ரூபாய் செலவு. 94 பாக்கெட்டுக்குத்தான் காசு வரும்: 6,016. மீதி 2,816. விற்ற 94 பாக்கெட்டுக்குப் பிரித்தால் பாக்கெட்டுக்கு முப்பது ரூபாய்.

ஆக கையில் நிற்பது நாற்பது அல்ல, முப்பது.

கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மாவு போகும் அதே வண்டியில், அதே 28 கடைக்குத்தானே முறுக்கும் போகிறது? பெட்ரோல் மாறாது. காட்கோபரிலோ மாட்டுங்காவிலோ முறுக்குக்காக மட்டும் புதுக் கடை பிடித்தால், அந்த நடைக்கான செலவை அந்தக் கடைகளின் பாக்கெட் மேல் போட வேண்டும்.

மகனின் இரண்டாவது சறுக்கல், மாதச் செலவாக ஆள் சம்பளத்தை மட்டும் எழுதியது. 96,000 ரூபாய் மிஷினும் அடுப்பும் நான்கு வருடம் உழைக்கும் என்றால் மாதத்துக்கு 2,000. புகைபோக்கி விசிறிக்கும் சீலிங் மிஷினுக்கும் கரண்ட் 1,000. கடைகளில் ருசி பார்க்கக் கொடுக்கும் பாக்கெட்டுக்கு 1,000. சம்பளம் 14,000. மொத்தம் 18,000. இதை முப்பதால் வகுத்தால் 600 பாக்கெட்.

கணக்கு இதோடு முடிந்திருந்தால் மகன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். ஆனால் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது: வாரம் மூன்று நாள் சாயங்கால மாவை நிறுத்துவது. இதற்கு யாரும் பில் கொடுக்க மாட்டார்கள், நோட்டிலும் ஏறாது. அதனால்தான் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வாடகையில் பாதியை ஏற்றியபோது, ஏதோ ஒரு செலவு விட்டுப்போகிறது என்று அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தல் சரி, கை வைத்த இடம்தான் தப்பு.

சாயங்கால மாவு எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை. 30 கிலோ என்று வைக்கிறேன். அரிசி, உளுந்து, கரண்ட், பை போகக் கிலோவுக்கு 20 ரூபாய் நிற்கிறது என்றும் வைக்கிறேன். ஒரு சாயங்காலத்துக்கு 600 ரூபாய். மாதம் 13 சாயங்காலம் நிறுத்தினால் 7,800 ரூபாய் போய்விடும். முறுக்கு முதலில் இந்த 7,800 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் வருவதுதான் அதன் சம்பாத்தியம். 18,000-உம் 7,800-உம் சேர்ந்து 25,800. முப்பதால் வகுத்தால் 860 பாக்கெட்.

அதே வாடிக்கையாளர் காலையிலேயே மாவு வாங்கிக்கொள்வார் என்றால் இழப்பு குறையும். ஆனால் செம்பூரில் சாயங்காலம் மாவு இல்லை என்று திரும்பும் ஆள் அடுத்த கடையில் வேறு கம்பெனிப் பாக்கெட்டை எடுப்பார், பிடித்துப்போனால் காலையிலும் அதையே எடுப்பார். இந்தப் பக்கம் ஆபத்துதான் அதிகம் என்பது என் எண்ணம்.

860 முடியுமா? ஒரு சாயங்காலத்துக்கு அதிகபட்சம் இருபது கிலோ சுடலாம் என்றால், 13 நாளில் 26 முறை பத்து கிலோ, 1,196 பாக்கெட். திரும்புவது போக விற்பது 1,124. அதாவது முழு மூச்சாகச் சுட்டாலும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே விற்றபிறகுதான் முதல் ரூபாய் லாபம். ஆள் ஊருக்குப் போன ஒரு வாரம் போதும், அந்த மாத லாபம் கிட்டத்தட்ட முழுசும் போய்விடும்.

மழைக்காலத்தில் இன்னும் மோசமாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் முறுக்கு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுட்டு ஆறவைக்கும் நேரத்திலேயே ஈரம் ஏறிவிடும். சீல் ஒரு ஓரத்தில் பிசகினாலும் பத்து நாளில் பாக்கெட் திரும்பும். நூறில் பதினைந்து திரும்பினால், 85 பாக்கெட்டுக்கு வரும் 5,440-இல் 3,200 போக 2,240. விற்ற பாக்கெட்டுக்கு 26 ரூபாய் சொச்சம். 25,800-ஐ அதனால் வகுத்தால் 980 பாக்கெட். லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் கட்டும் இந்த பிரேக் ஈவன் எண் ஒரே எண்ணாக நிற்காது. வருடத்தில் நாலு மாதம் அது எழும்பி நிற்கும். கணபதி, தீபாவளி சமயத்தில் ஆர்டர் குவியும்போது போட்ட கணக்கை வைத்து வருடம் முழுக்க ஆள் வைத்துவிடாதீர்கள்.

இனி என் யோசனை. சாயங்கால மாவைத் தொடாதீர்கள். மதியம் சும்மா கிடக்கும் காலாவில் சுடுங்கள். மதிய ஆள் 2,000 கூடக் கேட்பது உங்களுக்கு அதிகமாகத் தெரிகிறது, ஆனால் அந்த 2,000 ரூபாயை மிச்சம் பிடிக்க 7,800 ரூபாயை விடுகிறீர்கள். மதியக் கணக்கில் மாதச் செலவு 20,000. முப்பதால் வகுத்தால் 667 பாக்கெட். 860-க்கும் 667-க்கும் உள்ள வித்தியாசம் விற்பனையைக் கூட்டியதால் வந்ததல்ல, நேரத்தை மாற்றியதால் வந்தது. வாரம் மூன்று மதியம் என்ற கட்டும் இல்லை, தேவைப்பட்டால் நாலாக்கலாம். எண்ணெய் ஆவி ஊறப்போட்ட அரிசி உளுந்துப் பக்கம் போகாமல் ஒரு தடுப்பு மட்டும் வையுங்கள். மாவில் எண்ணெய் வாடை வந்தால் ஆறு வருட வாடிக்கை போய்விடும்.

விலையை 85 ஆக வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கடைக்காரரின் இருபது சதவீதம் போக 68 வரும். திரும்புவதையும் சேர்த்துப் போட்டால் பாக்கெட்டுக்கு 34 ரூபாய் நிற்கும், 588 பாக்கெட்டில் கட்டிவிடும். எம்ஆர்பியில் ஐந்து ரூபாய், பிரேக் ஈவனில் எண்பது பாக்கெட். பக்கத்து ஹூக்கில் தொங்கும் பாக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 80-இல் ஆரம்பித்துப் பிறகு ஏற்றுவது கஷ்டம், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஜிஎஸ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது உங்கள் வருட விற்பனை 31 லட்சத்துச் சொச்சம். சரக்கு விற்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தில் பதிவு வரம்பு 40 லட்சம். அது மாவுக்குத் தனி, முறுக்குக்குத் தனி அல்ல, மொத்தத்துக்கும் சேர்த்து. மாதம் 1,146 பாக்கெட் அளவில் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். அதைத் தாண்டினால் முறுக்குக்கு மட்டுமல்ல, மாவுக்கும் வரி வரும். மொத்த விற்பனையில் ஒரு சின்னப் பங்கை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் ஒரு சதவீதம் கட்டுவதாக இருந்தாலும் மாதம் 3,300 ரூபாய் கிட்ட ஆகும், அதை ஈடுகட்ட இன்னும் 110 பாக்கெட் விற்க வேண்டும். இது இன்றைய கவலை இல்லை. ஆனால் விற்பனை ஆயிரத்தை நெருங்கும் மாதத்தில் உங்கள் வரிக்காரரிடம் ஒரு தடவை போய் உட்காருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் மாவு மட்டும் இருந்தால் முறுக்கையும் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

667 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைக் கடைக் கணக்காக மாற்றுங்கள். 28 கடை. கடைக்கு மாதம் 24 பாக்கெட், வாரத்துக்கு ஆறு. இப்போது இது வெறும் எண்ணாக இல்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயமாகிவிட்டது.

மிஷின் வாங்கும் முன் கையால் பிழியும் முறுக்கு உழக்கிலேயே முதலில் இருபது கிலோ சுடுங்கள். உங்கள் 28 கடைகளில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக ஓடும் கடை மட்டும் வேண்டாம், மந்தமான கடையும் கலந்திருக்கட்டும். கடைக்கு எட்டு பாக்கெட் வையுங்கள். வாரம் இரண்டு நாள் போய், மீதி எத்தனை, திரும்பியது எத்தனை என்று நோட்டில் எழுதி, விற்ற அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். ஆறு வாரம்.

இதில் ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். முதலில் வைத்த எண்பது பாக்கெட் விற்பனை இல்லை. அது அலமாரியை நிரப்பியது, அவ்வளவுதான். என்னிடம் வரும் மசாலாப் பொடிக்காரர் ஒருவர், முதல் மாதம் எல்லாக் கடைக்கும் சரக்குப் போட்டதும் பிரேக் ஈவனைத் தாண்டிவிட்டோம் என்று இரண்டாவது மிஷினுக்குப் பணம் கட்டினார். இரண்டாம் மாதம் பாதிக் கடை சரக்கே கேட்கவில்லை. முதல் மாதத்தில் அவர் விற்றது கடைக்காரருக்கு, சாப்பிடுகிறவருக்கு அல்ல. இரண்டாவது நிரப்பலுக்குப் பிறகு வரும் எண்ணைத்தான் நான் விற்பனை என்று எடுத்துக்கொள்வேன். முதல் இரண்டு வாரம் புதுச் சரக்கு என்ற ஆசையில் வாங்குவார்கள், அதையும் தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை சராசரி பாருங்கள். கடைக்கு வாரம் எட்டு, ஒன்பது போனால் மிஷின் வாங்கலாம். கடைக்கு எட்டு என்றால் மாதத்துக்கு 970 பாக்கெட் கிட்ட வரும். 667-க்கு மேல் உள்ள முந்நூறு பாக்கெட்டில் 9,000 ரூபாய், அதோடு மிஷின் தேய்மானமாக எடுத்துவைத்த 2,000. போட்ட 96,000 ஒன்பது மாதத்தில் திரும்பிவிடும். ஆறு, ஏழில் நின்றால் மிஷினைத் தள்ளிவைத்து, கையாலேயே அடுத்த மழைக்காலம் வரை ஓட்டி, திரும்பும் எண்ணிக்கையைப் பாருங்கள். மிஷின் இல்லாமல் சுட்டால் ஆள் கூலியை நாள் கணக்கில் கொடுக்கலாம், சுடாத நாளைக்குச் செலவு இல்லை. ஐந்துக்குக் கீழே வந்தால் எம்ஆர்பியையும் பையின் அளவையும் மாற்றிப் பார்க்காமல் மிஷின்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அந்த நோட்டை மகனே எழுதட்டும். திரும்பி வந்த பாக்கெட்டை எண்ணும் வேலையை மட்டும் வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.